கைகால் ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி ஊசி போடலாமா?

2025 ஜனவரி தொடக்கத்தில் புனே நகரத்து நரம்பியல் மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வழக்கமாக எப்போதோ ஒருவர் வரும் நோயோடு அந்த மாதம் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் சிங்ககட் சாலையை ஒட்டிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். கிர்கட்வாடி, நாந்தேட், தாயரி என்று மாநகராட்சியோடு புதிதாகச் சேர்க்கப்பட்ட ஊர்கள் அவை. பலரும் சொன்னது ஒரே கதைதான். சில நாட்களுக்கு முன்னால் பேதியும் வாந்தியும் வந்து, தானாகவே சரியாகிவிட்டது. அதன் பிறகு ஒருநாள் பாதத்தில் மதமதப்பு. அடுத்த நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

நோயாளிகளின் மலத்தைப் பரிசோதித்தபோது கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா சிலருக்கும், நோரோ வைரஸ் சிலருக்கும் இருந்தது தெரிந்தது. சந்தேகம் குடிநீர் மீது விழுந்தது. பல ஊர்களுக்குத் தண்ணீர் தந்துகொண்டிருந்த நாந்தேட் கிராமத்துக் கிணறும் அதன் சுற்றுப்புறமும் விசாரணைக்கு உள்ளாயின. அடுத்த சில வாரங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. சிலர் இறந்தும் போனார்கள். அந்த நாட்களில்தான் ஜி.பி.எஸ். என்ற மூன்றெழுத்து இந்தியச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. கில்லன் பாரே சிண்ட்ரோம் என்பது அதன் முழுப்பெயர். முதல் உலகப்போரின் நடுவில், 1916இல், கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் திடீரென்று கைகால் தளர்ந்துபோன இரண்டு படைவீரர்களைப் பற்றி எழுதினார்கள். மூவரில் இருவரின் பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது.

புனேயில் அப்போது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இந்நேரம் நடமாடிக்கொண்டிருப்பார்கள். இந்த நோயிலிருந்து எழுந்து வந்த ஒவ்வொருவரும், அவர்கள் குடும்பமும், என்றாவது ஒருநாள் ஒரு கேள்வியைச் சந்தித்தாக வேண்டும். இனி ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாமா? குழந்தைக்கு மிச்சமிருக்கும் தடுப்பூசிகளைத் தொடரலாமா? ஊசி போட்டால் அது திரும்பி வந்துவிடுமா? சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த ஊசியும் வேண்டாம்." அக்கறையால் சொல்லப்படும் இந்தப் பதில் பல நேரங்களில் தவறு. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்து.

பதிலைப் புரிந்துகொள்ள, நோய் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கேம்பைலோபாக்டர் கிருமியின் மேற்பரப்பில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. நம் நரம்புகளின் மேற்பரப்பில் இருக்கும் கேங்க்ளியோசைடு என்ற பொருளும் கிட்டத்தட்ட அதே சாயலில் இருக்கிறது. கிருமியை அடிப்பதற்காக உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருட்கள் சிலரிடம் ஆள் மாறி, சொந்த நரம்புகளையே தாக்கிவிடுகின்றன. மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பு இழைக்கு மயலின் என்ற உறை உண்டு. சிலருக்கு அந்த உறை அரிக்கப்படுகிறது. சிலருக்கு உள்ளே இருக்கும் இழையே அடி வாங்குகிறது. உறை மட்டும் போனால் அது மறுபடி வளர்ந்து வாரங்களில், மாதங்களில் பலம் திரும்பும். இழை அறுந்துபோயிருந்தால் தேறிவர அதிக காலம் பிடிக்கலாம்.

எனவே பேதி நின்ற பிறகுதான் கால் விழுகிறது. இடைவெளி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள். கிருமி உடலை விட்டே போயிருக்கும். அது தூண்டிவிட்ட எதிர்ப்பு மட்டும் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். கேம்பைலோபாக்டர் வந்தவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படி ஆகிறது. சளிக்காய்ச்சல், ஃப்ளூ, சைட்டோமெகலோ வைரஸ், ஜிகா, கொரோனா ஆகியவற்றுக்குப் பிறகும் வரலாம். சிலருக்கு முன்னால் என்ன தொற்று வந்தது என்றே தெரிவதில்லை. எல்லாக் காரணங்களையும் சேர்த்தால், ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்த நோய் வருகிறது.

பலவீனம் வழக்கமாகக் காலில் தொடங்கி மேலே ஏறும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மருத்துவர் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது. ஒரு பக்கக் கையும் காலும் வாயும் மட்டும் திடீரென்று இழுத்துக்கொண்டால் அது மூளையில் வரும் பக்கவாதம். அதற்கு மணிக்கணக்கில் அவசரம். ஜி.பி.எஸ். நாட்கணக்கில் ஏறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள், ஏறக்குறைய எல்லோருக்கும் நான்கு வாரத்துக்குள், உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அந்த நாட்களுக்குள் பலவீனம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கால், கை, முகம், தொண்டை என்று ஏறி மூச்சுத் தசைகளை எட்டினால் வென்டிலேட்டர் தேவைப்படும். நான்கில் ஒருவருக்கு அப்படித் தேவைப்படுகிறது.

அதைக் கணிக்க ஐ.சி.யு.வில் ஒரு எளிய சோதனை செய்வார்கள். நோயாளியை நன்றாக மூச்சை இழுக்கச் சொல்லி, மூச்சு விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். நலமாக இருப்பவர் ஒரே மூச்சில் நாற்பது வரை போவார். காலையில் முப்பது வரை போனவர் மாலையில் இருபத்திரண்டிலும் இரவில் பதினைந்திலும் நின்றால், அவர் முகத்தில் மூச்சுத்திணறல் தெரியாவிட்டாலும் செவிலியர் உடனே மருத்துவரை அழைப்பார். ஆக்சிஜன் அளவு கடைசி வரை சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் ஏமாற வேண்டியதுதான். கைகால் விழுந்த நோயாளியோடு உட்கார்ந்திருக்கும் வீட்டார், குரல் மெலிந்துவிட்டதா, தண்ணீர் விழுங்கும்போது புரையேறுகிறதா என்று பார்த்துச் சொல்வது பெரிய உதவி.

மருந்து இரண்டு வகை. ஒன்று, நன்கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியாக ஏற்றுவது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாட்கள். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு மொத்தம் 120 கிராம், அதாவது ஐந்து கிராம் குப்பிகள் 24. ஒவ்வொரு குப்பியும் பல ஆயிரம் ரூபாய் என்பதால்தான் இந்த நோய் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. மற்றொன்று, ரத்தத்தின் பிளாஸ்மாவை இயந்திரம் மூலம் எடுத்துவிட்டு மாற்று ஏற்றுவது. இரண்டும் ஒரே அளவு பலன் தருபவை. முதலாவதை நோய் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள்ளும், இரண்டாவதை நான்கு வாரத்துக்குள்ளும் தொடங்குவது வழக்கம். ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பதால் இந்த நோயில் பலன் இல்லை என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவையும் கடந்து வீட்டுக்கு வந்தவர்தான் தடுப்பூசியைப் பற்றிக் கேட்கிறார். அவருடைய பயம் வீணானதல்ல. அதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது.

1976 தொடக்கத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் இளம் வீரர் ஒருவர் ஃப்ளூவால் இறந்தார். அவருக்கு வந்திருந்தது பன்றிக்காய்ச்சல் வகை வைரஸ். கோடிக்கணக்கானவர்களைப் பலிவாங்கிய 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் திரும்பி வருகிறதோ என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு நாடு முழுவதும் தடுப்பூசி போட உத்தரவிட்டார். அக்டோபரில் தொடங்கிய திட்டத்தில் ஏறக்குறைய நான்கரைக் கோடிப் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவே இல்லை. அதற்குப் பதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் கில்லன் பாரே நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தென்பட்டார்கள். டிசம்பர் 16ஆம் தேதி திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் கணக்கிட்டபோது, ஊசி போட்டுக்கொண்ட ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் கூடுதலாக நோய்வாய்ப்பட்டிருந்தது தெரிந்தது. பெரும்பாலான கூடுதல் நோயாளிகளுக்கு ஊசி போட்ட ஐந்தாறு வாரங்களுக்குள் நோய் தொடங்கியிருந்தது. இன்றும் மருத்துவர்கள் கேட்கும் 'ஆறு வாரம்' என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அந்தக் குறிப்பிட்ட ஊசி ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை.

அதன் பிறகு ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் கண்காணிக்கப்பட்டு வருகிறது. 1976இல் கண்ட அளவு ஆபத்து பிறகு எந்த ஆண்டிலும் தென்படவில்லை. சில ஆண்டுகளில் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து தெரிந்த ஆண்டுகளிலும் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு கூடுதல் நோயாளிகள் என்ற அளவில்தான் இருந்தது.

தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியது ஃப்ளூ காய்ச்சலை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல ஆண்டு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஊசியால் வரும் ஆபத்தையும் ஃப்ளூ காய்ச்சலால் வரும் ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய ஒருவருக்கு ஊசியால் ஜி.பி.எஸ். வந்திருக்கலாம் என்றும், ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போன பத்து லட்சம் முறைக்கு ஏறக்குறைய 17 பேருக்குக் காய்ச்சலால் அது வந்திருக்கலாம் என்றும் அதில் தெரிந்தது. ஜி.பி.எஸ்.ஸுக்குப் பயந்து ஃப்ளூ ஊசியைத் தவிர்ப்பவர், அதே நோயைக் கொண்டுவரக்கூடிய காய்ச்சலுக்குக் கதவைத் திறந்துவைக்கிறார் என்பதை இந்த எண்களைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் இது பொதுமக்களைப் பற்றிய கணக்கு. ஏற்கெனவே ஒருமுறை விழுந்து எழுந்தவரின் நரம்பு மண்டலம் மற்றவர்களுடையதைப் போன்றதுதானா என்ற கேள்வி தனி. அதற்கும் சில நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் இந்த நோய் வந்து தேறியவர்களிடம் கேட்டார்கள். அவர்களில் 106 பேர் நோய்க்குப் பிறகும் ஃப்ளூ ஊசி போட்டிருந்தார்கள். ஒருமுறை போட்டவர் முதல் முப்பத்தேழு முறை போட்டவர் வரை அதில் இருந்தார்கள். மொத்தம் 775 ஊசிகள். ஒருவர்கூட நோய் திரும்பியதாகச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் பதிவுகளில் 550 ஜி.பி.எஸ். நோயாளிகளைத் தேடியெடுத்துப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 279 பேர் பின்னாளில் பல வகைத் தடுப்பூசிகளை மொத்தம் 989 முறை போட்டுக்கொண்டார்கள். ஆறு பேருக்கு நோய் இரண்டாம் முறை வந்தது. அந்த ஆறு பேரில் யாரும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் எந்தத் தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை.

கொரோனா காலத்தில் இஸ்ரேலில் இதே கேள்வி பெரிய அளவில் எழுந்தது. முன்பு ஜி.பி.எஸ். வந்த 702 பேரில் 579 பேர் ஃபைசர் தடுப்பூசி ஒரு தவணையாவது போட்டார்கள். ஒரே ஒருவருக்கு நோய் திரும்பியதாகக் கருதிச் சிறிது காலம் சிகிச்சை தேவைப்பட்டது. எதுவும் செய்யாமல் இருந்தாலும்கூட இந்த நோய் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வாழ்நாளில் மறுபடி வரும் என்பதோடு வைத்துப் பார்த்தால், இந்த எண்கள் நிம்மதி தருகின்றன. இந்த ஆய்வுகள் சிறியவை, ஆபத்து சுழியம் என்று இவற்றால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் 'ஊசி போட்டால் திரும்ப வரும்' என்ற பேச்சுக்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

மருத்துவர்கள் இதையெல்லாம் வைத்து எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஒரு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் பேதி வந்த பத்தாம் நாள் கைகால் விழுந்து, பன்னிரண்டு நாள் ஐ.சி.யு.வில் இருந்து தேறியவர். இப்போது நடக்கிறார். பாதத்தில் மட்டும் கொஞ்சம் மரத்த உணர்வு மிச்சம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போடலாமா என்று கேட்க வந்திருக்கிறார்.

மருத்துவர் முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்பார். அதில் தேடுவது இரண்டு விஷயங்கள். கைகால் விழுவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் எந்தத் தடுப்பூசியாவது போட்டிருந்தாரா? நோய் வந்து ஓராண்டு ஆகிவிட்டதா? இவருக்கு முன்னால் வந்தது பேதி. ஊசி எதுவும் இல்லை. மூன்று ஆண்டும் ஆகிவிட்டது. சர்க்கரை நோயும் வயதும் சேர்ந்திருப்பதால் ஃப்ளூ வந்தால் நிமோனியாவாக முற்றும் வாய்ப்பு இவருக்கு மற்றவர்களைவிட அதிகம். எனவே போடலாம், போடுவது நல்லது என்பதே பதில்.

இதே ஆளின் கதையில் ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். பேதி எதுவும் வரவில்லை. ஃப்ளூ ஊசி போட்ட மூன்றாம் வாரம் கைகால் விழுந்தது. இப்போது பதில் மாறும். ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் ஜி.பி.எஸ். வந்தவருக்கு மறுபடி அந்த ஊசி போடுவதை அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல் எச்சரிக்கைக்குரிய நிலையாக வைத்திருக்கிறது. தடை என்று சொல்லவில்லை. முப்பது வயதில் வேறு நோய் எதுவும் இல்லாதவர் என்றால், பொதுவாகப் போடாமல் விடுவார்கள். அறுபத்திரண்டு வயதில் சர்க்கரையோ இதய நோயோ உள்ளவர் என்றால், ஃப்ளூவால் வரும் ஆபத்தையும் இதையும் எதிரெதிரே வைத்து, நரம்பியல் மருத்துவரோடு பேசி முடிவெடுப்பார்கள். போடாமல் விடும் முடிவு எடுத்தால் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் போட்டுக்கொள்வார்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய் ஒசெல்டாமிவிர் மாத்திரை தேவையா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

நோய் வந்து ஓராண்டு ஆகாதவர்களின் நிலை இடைப்பட்டது. 2019இல் பல நாட்டு நரம்பியல் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட ஜி.பி.எஸ். வழிகாட்டி, முன்பு இந்த நோய் வந்ததே தடுப்பூசிக்குத் தடையாகாது என்கிறது. ஓராண்டுக்குள் ஊசி தேவைப்படுபவரும், அதே ஊசிக்குப் பிறகு நோய் வந்தவரும் மட்டும் நிபுணரிடம் பேசிவிட்டுப் போடட்டும் என்கிறது. நோய் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் வாரங்களில் வழக்கமான தடுப்பூசி எதையும் போடுவதில்லை.

ஊசி போட்ட பிறகு எதைக் கவனிப்பது என்பதும் முக்கியம். பழைய பாதிப்பு மிச்சமிருப்பவர்களுக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரும் ஓரிரு நாட்களில் பாதத்து மரத்த உணர்வு கொஞ்சம் கூடும். களைப்பு அதிகமாகும். காய்ச்சல் இறங்கியதும் அதுவும் இறங்கும். நோய் திரும்புவது அப்படி இருக்காது. நேற்று ஏறிய படியை இன்று ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது, குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்க முடியாது. இப்படி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எட்டு வாரம் கடந்தும் பலவீனம் ஏறிக்கொண்டே இருந்தாலோ, அடிக்கடி திரும்பி வந்தாலோ, அது சி.ஐ.டி.பி. என்ற வேறொரு நீடித்த நரம்பு நோயாக இருக்கலாம். அவர்களுக்கு ஊசி பற்றிய ஆலோசனையும் தனி.

ஃப்ளூ தவிர மற்ற ஊசிகளில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கொரோனா ஊசிகளில் அடினோ வைரஸ் அடிப்படையிலானவை ஜி.பி.எஸ். ஆபத்தை மிகச் சிறிதளவு கூட்டியது உறுதியாயிற்று. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்டது அந்த வகை. கேரளத்தின் மூன்று மாவட்டங்களில், ஏறக்குறைய 12 லட்சம் பேர் ஊசி போட்ட காலத்தில், முதல் தவணைக்குப் பிறகு ஜி.பி.எஸ். வந்த ஏழு பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். ஃபைசர் போன்ற எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளில் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. முதியவர்களுக்கு அக்கி வராமல் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் ஊசிக்கும், ஆர்.எஸ்.வி. என்ற மூச்சுக்குழல் வைரஸுக்கான இரண்டு ஊசிகளுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இது குறித்த எச்சரிக்கையைச் சேர்த்திருக்கிறது. எனவே இவற்றைப் போடுவதற்கு முன் பழைய ஜி.பி.எஸ். பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம். டெட்டனஸ் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் நோய் வந்திருந்தால் அதற்கும் ஃப்ளூ ஊசியைப் போலவே எச்சரிக்கை உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு அதிலுள்ள எதிர்ப்புப் பொருட்கள் பல மாதங்கள் ரத்தத்தில் இருக்கும். தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை போன்ற உயிருள்ள வைரஸ் ஊசிகளை அந்தக் காலத்தில் போட்டால் அவை ஊசியிலுள்ள வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் ஊசி வீணாகும், குழந்தைக்குப் பாதுகாப்பும் கிடைக்காது. ஜி.பி.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் முழு அளவு ஏற்றப்பட்ட குழந்தைக்கு அந்த வகை ஊசிகளை ஏறக்குறைய 11 மாதங்கள் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். செயலிழந்த கிருமியால் செய்யப்படும் ஃப்ளூ ஊசி போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியைப் பேனாவால் எழுதிவைத்துவிட்டால், ஒரு வருடம் கழித்து அட்டையைப் புரட்டும் செவிலியருக்குக் குழப்பம் இருக்காது.

கடைசியாக ஒரு ஊசி. இதில் தமிழ்நாட்டுக்கு நேரடியான கதை உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி பதினான்கு ஊசி என்று முந்தைய தலைமுறை சொல்வதைக் கேட்டிருப்போம். அந்தப் பழைய ஊசி ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அதைத் தயாரித்தது. மூளைத் திசுவில் மயலின் இருக்கும். அந்த மயலின் கலந்த ஊசி சிலருடைய உடலில் நரம்புகளுக்கு எதிரான தாக்குதலைத் தூண்டி, கைகால் விழச் செய்தது. வாதம் வரும் என்று அந்த ஊசிக்கு மக்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் 2004 இறுதியில் இந்தியா அந்த ஊசியைக் கைவிட்டுவிட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் போடுவது ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்து செய்யப்படும் வேறு ஊசி. மூளைத் திசு அதில் கிடையாது.

ஆனால் பழைய பயம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஜி.பி.எஸ். வந்து எழுந்த ஒருவரை நாய் கடித்தால் "உனக்கு ஊசியே ஆகாது" என்று சொல்லி வீட்டில் உட்கார வைக்க ஆள் இருக்கிறார்கள். மற்ற எல்லா ஊசிகளிலும் நோயின் ஆபத்தையும் ஊசியின் ஆபத்தையும் எடைபோட இடம் உண்டு. வெறிநோயில் அந்த இடம் இல்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. எனவே முன்பு ஜி.பி.எஸ். வந்திருந்தாலும், அது எந்த ஊசிக்குப் பிறகு வந்திருந்தாலும், நாய் கடித்தவுடன் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பழைய நோயைப் பற்றிச் சொல்லி ஊசியைத் தொடங்குங்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்கள். 3, 7, 28ஆம் நாட்களுக்கான அடுத்த தவணைகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.